தரை எங்கே என்று முதலில் கேளுங்கள்

வீடு கட்டுகிறவர்கள் யாராவது என்னிடம் வந்து, ஸ்விட்ச் போர்டு எத்தனை அடி உயரத்தில் வைக்கலாம் என்று கேட்டால் நான் திருப்பி ஒரு கேள்விதான் கேட்பேன். எந்தத் தரையிலிருந்து? பலருக்கு அது விளங்குவதில்லை. படித்துப் பட்டம் வாங்கிய எங்கள் இன்ஜினியருக்கே விளங்காத விஷயம் அது என்பதால் நான் அவர்களைக் குறை சொல்வதில்லை.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் நாங்கள் வீடு கட்டினோம். சுவர் எழும்பி, தளம் போட்டு, சென்ட்ரிங் பிரித்தாயிற்று. உள்பூச்சுக்கு முன்னால் சுவரில் காடி வெட்டி, குழாய் பதித்து, இரும்புப் பெட்டிகளை வைத்துவிட வேண்டும். எலக்ட்ரீஷியன் தம்பி இரண்டு பையன்களோடு கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தார். அப்போது வீட்டுக்குள் தரை என்று எதுவும் இல்லை. கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு திமிசு போட்டு இடித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பையன் டேப்பின் நுனியை அந்தக் கிராவல் மேலே வைத்தான், நான்கு அடியில் சாக்பீஸால் கோடு போட்டான், அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

“தம்பி, இதுக்கு மேலதானே தரை வரும்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் கணக்குதாங்க்கா. சார் சொல்லிட்டாரு.”

சாரிடம் கேட்டேன். “ரெண்டு மூணு இன்ச் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது மேடம்” என்றார். என் கணவரின் அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தெரிந்தவர்கள் வேலை செய்யும்போது நாம் குறுக்கே பேசக் கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னார். சரி என்று நகர்ந்துவிட்டேன்.

இரண்டு மூன்று இன்ச் இல்லை, ஆறு இன்ச். கிராவலுக்கு மேல் தரைக் கான்கிரீட் நான்கு இன்ச் வந்தது. அதன் மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கான கலவை ஒன்றரை இன்ச். டைல்ஸின் கனத்தையும் சேர்த்தால் ஆறு இன்ச் சுளையாகப் போயிற்று. ஹாலில் நான்கு அடியில் இருக்க வேண்டிய போர்டு மூன்றரை அடிக்கு இறங்கியது. பார்க்கக் கொஞ்சம் குள்ளமாகத் தெரியும், பழகிவிடலாம். பழகவே முடியாத இடம் சமையலறை.

அங்கே பெட்டியின் அடி விளிம்பு தரையிலிருந்து 42 இன்ச்சில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். மேடையின் மேல்மட்டம் 34 இன்ச். நடுவில் 8 இன்ச் இடைவெளி இருந்தால் மிக்ஸி பிளக்கைச் சொருகலாம், ஒயர் மடங்காது, மேடையைக் கழுவித் தள்ளும் தண்ணீர் சாக்கெட் பக்கம் போகாது. ஆறு இன்ச் குறைந்த பிறகு அந்தப் பெட்டி 36 இன்ச்சுக்கு வந்துவிட்டது. அதாவது கிரானைட்டுக்கு மேலே வெறும் இரண்டு இன்ச். இட்லி மாவு அரைத்துவிட்டுக் கிரைண்டரைக் கழுவுகிற எந்த வீட்டிலும் அந்த இடத்தில் தண்ணீர் தெறிக்கும். உங்கள் வீட்டிலும் கிரைண்டர் மேடை மேல்தானே இருக்கப் போகிறது? ஈரமும் மின்சாரமும் இரண்டு இன்ச் தூரத்தில் இருப்பதைக் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் என்று சொல்கிறவர் ஒரு நாள்கூட மேடை துடைத்திருக்க மாட்டார்.

இது எப்போது தெரிந்தது என்றால், பூச்சு முடிந்து மேடைக் கல் உட்கார்ந்த பிறகு. நல்ல வேளையாகச் சுவர் டைல்ஸ் ஒட்டியிருக்கவில்லை. பெட்டிகளைப் பெயர்த்து மேலே ஏற்றினோம். இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. எங்கள் வீட்டில் குழாய் எல்லாம் தளத்திலிருந்து சுவர் வழியாகக் கீழே இறங்குகிறது. அதனால் பெட்டியை மேலே ஏற்றினால் குழாயையும் ஒயரையும் வெட்டிக் குறைத்துக்கொண்டால் போதும். கீழே இறக்க வேண்டியிருந்தால் குழாயை நீட்ட வேண்டும், ஒயர் இழுத்துவிட்டிருந்தால் அதுவும் எட்டாது, புதிதாகத்தான் இழுக்க வேண்டும். ஒயரை நடுவில் ஒட்டுப்போடச் சம்மதிக்காதீர்கள். பழைய பள்ளத்தைச் செங்கல் துண்டும் கலவையும் வைத்து அடைத்தார்கள். சமையலறையில் டைல்ஸ் அதை மூடிவிட்டது. படுக்கையறையில் கோழிவலை வைக்காமல் பூசிவிட்டதால் பெயின்ட்டுக்கு மேலே சதுரமாக விரிசல் விழுந்து, பெட்டி முன்பு எங்கே இருந்தது என்று இன்றும் காட்டிக்கொடுக்கிறது.

செலவு யாருடையது என்று பெரிய பேச்சு நடந்தது. “எக்ஸ்ட்ரா வேலை மேடம்” என்றார்கள். நான் கடைசித் தவணையில் பிடித்துக்கொண்டேன். அது நியாயமில்லை என்று கணவரின் அண்ணன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுச் சமையலறையில் ஆறு இன்ச் காணாமல் போயிருந்தால் அவர் நியாயம் என்னவாக இருந்திருக்கும் என்று பார்த்திருப்பேன்.

இந்தத் தொல்லை எதுவும் வராமல் தடுக்க அரை மணி நேர வேலை போதும். எங்கள் கொத்தனார் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தரை போடாத வீட்டிலும் தரை எங்கே வரப் போகிறது என்பதற்குச் சாட்சி சுவரிலேயே இருக்கிறது. அது லிண்டல். வாசல் நிலை ஏழு அடி என்றால் லிண்டலின் அடிமட்டம் வரப்போகும் தரையிலிருந்து ஏழு அடி இருக்கும்படிதான் கொத்தனார் கணக்குப் போட்டு வைத்திருப்பார். ஆகவே கீழேயிருந்து மேலே அளக்க வேண்டாம். லிண்டலுக்கு அடியில் டேப்பை வைத்துக் கீழ்நோக்கி அளக்கச் சொல்லுங்கள். மூன்று அடி இறங்கினால் நான்கு அடிப் போர்டின் மட்டம். மூன்றரை அடி இறங்கினால் சமையலறைப் பெட்டியின் 42 இன்ச். ஏழடி இறங்கினால் தரை. அந்த ஏழாவது அடி கிராவலுக்கு எவ்வளவு மேலே அந்தரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அவ்வளவையும் நீங்கள் இழக்க இருந்தீர்கள் என்று அர்த்தம். உங்கள் வீட்டில் நிலை ஏழடிதானா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு லிண்டலை மட்டும் நம்பிவிடக் கூடாது. பலகை இறங்கி ஒன்று அரை இன்ச் தாழ்ந்திருக்கலாம். இரண்டு மூன்று வாசலில் பார்த்து ஒத்துப்போகிறதா என்று உறுதி செய்துகொண்டு, டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, வீடு முழுக்கச் சுவரைச் சுற்றி ஒரே மட்டக்கோடு போடச் சொல்லுங்கள். வரப்போகும் தரையிலிருந்து மூன்று அடி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். பிறகு எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ்காரர், தச்சர் எல்லாரும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். பாத்ரூமும் போர்ட்டிகோவும் வீட்டுத் தரையைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும். அங்கே போய் அந்தந்த இடத்துத் தரையிலிருந்து அளந்தால் கதவின் உள்ளே ஒரு உயரம், வெளியே ஒரு உயரம் என்று ஆகும். பூச்சு அந்தக் கோட்டை மூடிவிடும் என்பதால் பூசி முடித்த பின் மறுபடியும் ஒரு தரம் போட்டுக்கொள்ள வேண்டும்.

உயரம் தீர்ந்தது. இடம் எது என்பது அடுத்தது. இதில் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை, என் விருப்பப்படிதான் செய்தேன். சமையலறைச் சுவரில் மேடைக் கல்லின் கோட்டை முதலில் சாக்பீஸால் வரைந்தேன். அதன்மேல் அடுப்பு, தொட்டி, கிரைண்டர், மிக்ஸி, பக்கத்தில் ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றையும் உண்மையான அகலத்தில் கட்டம் கட்டினேன். பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தக் கட்டங்களைப் பார்த்த பிறகுதான் எலக்ட்ரீஷியன் வைத்திருந்த சாக்கெட் குறி நேராக அடுப்புக்குப் பின்னால் விழுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அடுப்புக்குப் பின்னால் சாக்கெட் இருந்தால் தாளிக்கும் எண்ணெய் அதில்தான் படியும், கொதிக்கும் பாத்திரத்தின் மேலே கையை நீட்டித்தான் ஸ்விட்ச் போட வேண்டும். தொட்டிக்கு நேர் மேலேயும் கூடாது. குழாயிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வைக்கச் சொன்னேன்.

ஃபிரிட்ஜ் பாயிண்ட்டை எல்லாரும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலேயே வைக்கிறார்கள். ஃபிரிட்ஜை நிறுத்திய பிறகு அந்த ஸ்விட்சை அணைக்க இரண்டு ஆள் வேண்டும். பிளக் துருத்திக்கொண்டிருப்பதால் ஃபிரிட்ஜ் சுவரோடு ஒட்டியும் போகாது. கட்டத்தின் விளிம்புக்கு வெளியே, பக்கவாட்டில், கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

சாக்கெட்டின் அளவையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். மிக்ஸி 750 வாட்ஸ், கிரைண்டர் அதைவிடக் குறைவு. இவற்றுக்கு 6 ஆம்ப் சாக்கெட் தாராளம். 1500 வாட்ஸ் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்ப் சாக்கெட்டில் சொருகக் கூடாது. 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பு ஒன்பது ஆம்பியருக்குப் பக்கத்தில் வரும். ஆகவே மேடையின் இரண்டு பக்கமும் 16 ஆம்ப் சாக்கெட் ஒவ்வொன்று போட்டேன். அவை இரண்டையும் ஒரே லைனில் தொடுத்துவிட்டுக் கணக்கில் இரண்டு பாயிண்ட் என்று எழுதுவார்கள். அப்படிச் செய்தால் இண்டக்ஷனும் ஓவனும் சேர்ந்து ஓடும் காலை நேரத்தில் 16 ஆம்பியரைத் தாண்டிவிடக்கூடும். 16 ஆம்ப் எம்.சி.பி. விழுந்துவிடலாம். டி.பி.யிலிருந்து தனித்தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், தனித்தனி எம்.சி.பி. என்று கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரீஷியன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பதால் ஒயர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வேலை அவருக்கு மிச்சம்.

இன்னொன்று. எங்கள் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருப்பது நாலரை இன்ச் சுவர். ஹால் பக்கம் ஒரு பெட்டி, அதற்கு நேர் பின்னால் சமையலறைப் பக்கம் ஒரு பெட்டி என்று குறித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு இன்ச் குடைந்தால் நடுவில் என்ன மிஞ்சும்? ஒன்றை ஒன்றரை அடி தள்ளச் சொன்னேன். அந்தச் சுவரில் காடியையும் குறுக்கே வெட்ட விடாதீர்கள். மேலிருந்து கீழாக மட்டும்தான்.

அடுத்தது கதவு. ஸ்விட்ச் போர்டு கதவின் கைப்பிடிப் பக்கம் இருக்க வேண்டும், கீல் பக்கம் இருந்தால் கதவைத் திறந்ததும் போர்டு அதன் பின்னால் மறைந்துவிடும். இதில் சொல்லித்தர ஒன்றுமில்லை, குழந்தைக்கும் தெரியும். ஆனால் தச்சர் கதவு மாட்டுவதற்குப் பல மாதம் முன்பே போர்டு உட்கார்ந்துவிடுகிறது என்பதுதான் சங்கடம். எங்கள் மாமியார் அறையில் எல்லாம் சரியாகத்தான் வைத்தோம். பிறகு வாஸ்து பார்க்கிற ஒருவர் வந்தார். கதவு இந்தப் பக்கம் திறந்தால் ஆகாது, அந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்றார். கீல் மாறியது. போர்டு கதவுக்குப் பின்னால் போயிற்று. வாக்கர் பிடித்து நடக்கிற மாமியார் இருட்டில் உள்ளே நுழைந்து, கதவைப் பாதி மூடி, அதன் பின்னால் கையை விட்டு லைட் போட வேண்டும். வாஸ்துக்காரர் அதற்குப் பரிகாரம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் போர்டையும் மாற்றினோம். வாஸ்து பார்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்ப்பதானால் காடி வெட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு நிலைக்குப் பக்கத்திலும் கீல் எந்தப் பக்கம் என்று கரியால் சுவரில் எழுதி, தச்சரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் ஒரே நேரத்தில் காட்டுங்கள். நிலையிலிருந்து ஆறு இன்ச் தள்ளிப் பெட்டி வந்தால் போதும்.

படுக்கையறையில் கட்டில் தலைமாடு எந்தச் சுவர் என்று முடிவாகாமல் யாரையும் வெட்ட விடாதீர்கள். எங்கள் அறையின் தலைமாட்டுச் சுவர் 12 அடி. கட்டில் 5 அடி அகலம், தலைப்பலகை இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீளும். சுவரின் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் மூன்று அடி தள்ளிப் பெட்டி தொடங்கினால்தான் தலைப்பலகை அதை மறைக்காது. உயரம் 28 முதல் 30 இன்ச். மெத்தையோடு சேர்த்துக் கட்டில் இரண்டு அடிக்குப் பக்கத்தில் வரும் என்பதால் படுத்தபடியே கை எட்டும், போன் சார்ஜரின் ஒயரும் தொங்காது. இங்கே ஒரு டூ வே ஸ்விட்ச் கட்டாயம். வாசலில் போட்டு, கட்டிலில் அணைப்பதற்கு. அதற்கு இரண்டு பெட்டிகளுக்கும் இடையே கூடுதல் ஒயர் ஓட வேண்டும், ஆகவே குழாய் பதிக்கும்போதே சொல்ல வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு ஞாபகம் வந்தால் சுவருக்கு வெளியே பட்டி ஓட்டித்தான் இழுக்க முடியும்.

பெட்டியின் அளவையும் கடையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள், வீட்டில் எண்ணி முடிவு செய்யுங்கள். இரண்டு லைட் ஸ்விட்ச், ஒரு ஃபேன் ஸ்விட்ச், ரெகுலேட்டருக்கு இரண்டு இடம், சாக்கெட்டுக்கு இரண்டு, அதன் ஸ்விட்ச் ஒன்று என்றால் எட்டு மாடுல் நிறைந்துவிட்டது. பின்னால் ஒரு நைட் லேம்ப் சேர்க்க நினைத்தால் இடமில்லை. எண்ணிக்கைக்கு அடுத்த பெரிய பெட்டியை வாங்கி, காலி இடத்தை டம்மியால் மூடிக்கொள்ளுங்கள். கீழே ஓர் அடி உயரத்தில் சாக்கெட் வைப்பதுதான் இப்போதைய மோஸ்தர். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது. நான் இரண்டு அடியில் வைத்தேன். அழகு கெட்டுவிட்டது என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். குனிகிறது அவர்கள் இடுப்பு இல்லையே.

ஃபேனும் லைட்டும் தளம் போடும்போதே முடிவான விஷயம். கம்பி கட்டிய நாளன்றே ஃபேன் பெட்டி உட்கார்ந்துவிடும், அதை அப்புறம் நகர்த்த முடியாது. அறையின் மையம் என்று குருட்டுத்தனமாக வைப்பார்கள். ஒரு சுவர் முழுக்க இரண்டு அடி ஆழத்துக்கு அலமாரி வரப் போகிறது என்றால் மிச்சமுள்ள இடத்தின் மையம் ஓர் அடி தள்ளிப் போகும். அதைக் கழித்துக்கொண்டு குறிக்க வேண்டும். சுவர் லைட்டை ஃபேன் இறக்கையைவிட மேலே வைத்தால் இறக்கையின் நிழல் அறை முழுவதும் வெட்டி வெட்டி ஓடும். படிக்கிற பிள்ளைகளுக்குத் தலைவலி. ஏழரை அடிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

ஹாலில் டி.வி. பாயிண்ட் மட்டும்தான் யோசிக்க வேண்டியது. டி.வி.க்குப் பின்னால் மறையும்படி மூன்றரை அடியில் சாக்கெட்டுகள், அங்கிருந்து கீழே அலமாரி வரை கேபிள் இறங்க இரண்டு இன்ச் வெற்றுக் குழாய் ஒன்று. பாத்ரூமில் கீசர் பாயிண்ட் மேலே இருக்கட்டும், அதன் ஸ்விட்ச் வெளியே கதவுக்குப் பக்கத்தில் இண்டிகேட்டரோடு இருக்கட்டும். ஏ.சி.க்குச் சாக்கெட் மெஷினுக்குப் பின்னால் வராமல் பக்கவாட்டில் ஏழு அடியில். தண்ணீர் வடிகிற குழாய் எந்தப் பக்கம் வெளியேறும் என்று அதே நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் வைப்பீர்கள் என்றால் எந்தெந்த லைட், ஃபேன் அதில் எரிய வேண்டும் என்று ஒயர் இழுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், அதற்குத் தனி லைன் போக வேண்டும். வாசல் லைட், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் எலக்ட்ரீஷியனே கேட்டுக்கொள்வார்.

பெட்டிகளை வைத்த பிறகு, பூச்சுக்காரர் வருவதற்கு முன்னால், ஒவ்வொன்றின் முகமும் செங்கலைவிட அரை இன்ச் வெளியே நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பூச்சின் கனம் அது. உள்ளே அழுந்திவிட்டால் ஸ்க்ரூ எட்டாது, அதிகம் துருத்தினால் பிளேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சந்து தெரியும். கலவை உள்ளே போகாமல் காகிதம் அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். பூச்சு தொடங்குகிற நாளுக்கு முந்தைய மாலை, ஒவ்வொரு சுவரையும் டேப்பை அதன்மேல் விரித்துப் பிடித்துப் போனில் படம் எடுத்து, அறையின் பெயரைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழாய் எங்கே ஓடுகிறது என்பது அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது. ஆணி அடிக்க வருகிறவருக்கும் சமையலறை அலமாரி மாட்ட வருகிறவருக்கும் அந்தப் படத்தைக் காட்டாமல் டிரில் மெஷினை ஆன் பண்ண விடாதீர்கள்.